‘ஆழ்ந்த இரங்கல்’ என்பதற்கு அடுத்த வரி

அண்ணன் இறந்தபோது என் போனுக்கு வந்த இரங்கல் செய்திகளில் பெரும்பாலானவற்றை நான் சரியாகப் படிக்கவே இல்லை. முதல் இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் மீதி தெரிந்துவிடும். ஆழ்ந்த இரங்கல், ஈடு செய்ய முடியாத இழப்பு, ஆன்மா சாந்தியடையட்டும், கடைசியில் கூப்பிய கைகள். அனுப்பியவர்களில் பலர் என்மேல் நிஜமாகவே பாசம் வைத்திருப்பவர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தும் அந்தப் பாசம் அந்த வரிகளில் எங்கேயும் தட்டுப்படவில்லை. நேற்று வேறு யாரோ வீட்டுத் துக்கத்துக்கு அனுப்பிய அதே வரி, நாளைக்கு இன்னொருவர் வீட்டுக்கும் போகப்போகிற அதே வரி.

அந்தக் குவியலுக்கு நடுவில் சில செய்திகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. அண்ணனோடு வேலை பார்த்த ஒருவர், எனக்கு முன்பின் தெரியாதவர், என் நம்பரை யாரிடமோ கேட்டு வாங்கி இப்படி எழுதியிருந்தார்: “லீவு கேட்டுப் போனால் சார் காரணம் கேட்க மாட்டார். போயிட்டு வாங்க என்பார், அவ்வளவுதான். திரும்பி வந்து பார்த்தால் நான் பாதியில் விட்டுப்போன வேலை முடிந்திருக்கும். யார் முடித்தது என்று கேட்டால் தெரியாது என்பார். அவர்தான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.” இரங்கல் என்ற வார்த்தையே அதில் இல்லை. நான் அதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன், அண்ணி அதைத் தனக்கும் அனுப்பச் சொன்னார். இன்னொன்று அண்ணனின் பள்ளிக்கூட நண்பரிடமிருந்து வந்தது. பரீட்சை அன்றைக்கு அண்ணன் கொடுத்த கால்குலேட்டர் இன்னும் தன்னிடமே இருக்கிறது, அவன் ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை, அவ்வளவுதான் செய்தி. நல்ல மனிதர், தங்கமானவர், எல்லோருக்கும் உதவுபவர் என்று எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். அதையெல்லாம் நம்புவதற்கு அந்த ஒரு கால்குலேட்டர்தான் எனக்கு உதவியது.

இந்த இரண்டு செய்திகளையும் பலமுறை படித்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது, இவற்றை எழுதியவர்களுக்கு என்னைவிட அழகாக எழுதத் தெரியும் என்பதில்லை. இறந்தவரின் பெயரை எடுத்துவிட்டு வேறு ஒரு பெயரைப் போட்டால் இந்தச் செய்திகள் பொருந்தாது, அதுதான் வித்தியாசம். மற்றதெல்லாம் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். பொதுவான செய்தி பொய்யாக இருப்பதால் வெறுமையாகப் படுவதில்லை. அதை எழுத, இறந்தவரைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைத்துப் பார்க்கத் தேவையில்லை என்பதால்தான் அப்படிப் படுகிறது. துக்கத்தில் இருப்பவர் வேறு எதைக் கவனிக்காவிட்டாலும் இதைக் கவனித்துவிடுவார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் எல்லாச் செய்தியையும் உருகி உருகி எழுதவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆபீஸ் குரூப்பில் எண்பது பேர் இருக்கும்போது, அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒருவரின் மாமனார் தவறிவிட்டார் என்ற செய்தி வந்தால், ஆழ்ந்த இரங்கல் என்று இரண்டு வார்த்தை போடுவதில் தப்பே இல்லை. அது வருகைப் பதிவு மாதிரி. பார்த்தேன், தெரிந்துகொண்டேன் என்று சொல்கிறது, அந்த இடத்தில் அது போதும். நெருங்கிய நண்பனுக்கும் அதையே அனுப்பிவிட்டு, சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று என்று நாம் நினைத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல்.

இன்னொரு பக்கம், பொதுவான வரியைத் தவிர்க்கிறேன் என்று கிளம்பி அதைவிட மோசமாகப் போகிறவர்களும் உண்டு. ஆறுதல் சொல்லியே தீருவேன் என்று நிற்பவர்கள். எனக்கு வந்ததில் மிகவும் வலித்தது “நல்லவேளை, ரொம்ப நாள் படுத்துக் கஷ்டப்படாமல் போய்விட்டார்” என்பது. நல்லவேளை என்று ஆரம்பிக்கும் எந்த வரியும் துக்க வீட்டுக்கு ஆகாது. அந்த முடிவுக்கு வீட்டுக்காரர்களே வந்தால் அது ஆறுதல், வெளியிலிருந்து ஒருவர் சொன்னால் ‘இதற்குப் போய் இவ்வளவு அழுகையா’ என்று கேட்பதுபோல இருக்கும். வயதானவர் இறந்தால் “வாழ்ந்து முடித்தவர்தானே” என்பதும், குழந்தையைப் பறிகொடுத்தவர்களிடம் “இன்னொன்று பிறக்கும்” என்பதும் இதே ரகம்தான். தன் வீட்டுச் சாவை எடுத்துப் பேசுபவர்கள் தனி. “எங்கப்பா போனபோது நான்...” என்று ஆரம்பித்து பத்து வரி எழுதியிருப்பார், முடிக்கும்போது நாம் அவருக்கு ஆறுதல் சொல்லவேண்டிய நிலைமை.

தன் அனுபவத்தைச் சொல்லவே கூடாதா என்றால், சொல்லலாம், அளவு இருக்கிறது. 1862 டிசம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன், போரில் கொல்லப்பட்ட தன் பழைய நண்பர் ஒருவரின் மகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஃபேனி மெக்கல்லோ என்ற அந்த இளம்பெண் சாப்பிடாமல் தூங்காமல் அறைக்குள்ளேயே கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு எழுதியது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் லிங்கனின் பதினொரு வயது மகன் இறந்திருந்தான். அவர் அதை விவரிக்கவில்லை, மகனின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. எனக்கு இதில் போதிய அனுபவம் உண்டு என்ற பொருளில் ஒரே ஒரு வரி, அவ்வளவுதான். அந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. மீண்டும் சந்தோஷமாக இருப்பாய் என்று அவர் சொல்கிறார், ஆனால் அதற்கு முன்பே, அது இப்போது உன்னால் நம்ப முடியாத விஷயம் என்பதையும் ஒத்துக்கொள்கிறார். காலம் காயத்தை ஆற்றும் என்று நாம் அனுப்பும் வரியும் சாராம்சத்தில் அதேதான். ஆனால் எதிரில் இருப்பவருக்கு இப்போது அது எப்படிக் கேட்கும் என்ற நினைப்பு நம் வரியில் இருப்பதில்லை. அவர் கடிதத்தில் இருக்கிறது.

சரி, நடைமுறையில் எப்படி எழுதுவது? போன வருடம் என் அக்கா மகன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். கல்லூரித் தோழனின் அம்மா இறந்துவிட்டார், என்ன அனுப்புவது என்று தெரியவில்லை மாமா என்றான். அவன் அடித்து வைத்திருந்தது இது: “உன் அம்மாவின் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல். கடவுள் உனக்கும் உன் குடும்பத்துக்கும் மன தைரியத்தைக் கொடுக்கட்டும். எதுவாக இருந்தாலும் தயங்காமல் சொல்லு.”

இதில் என்ன தப்பு என்று கேட்டான். தப்பு ஒன்றும் இல்லை, அவனுடைய அம்மாவை உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், படிக்க அவன் வீட்டுக்குத்தான் போவேன் என்றான். அப்படியானால் அவரைப் பற்றி ஒன்று சொல்லு என்றேன். ரொம்ப நல்லவங்க, பாசமா இருப்பாங்க என்றான். அதை விடு, நீ உன் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ராத்திரி நான் கிளம்பினா வாசல் லைட்டை அணைக்க மாட்டாங்க மாமா. தெருமுனையில திரும்புற வரைக்கும் எரியும். திரும்பினப்புறம்தான் அணைப்பாங்க. ஒரு நாள் வேணும்னே முனையில நின்னு பார்த்தேன், அஞ்சு நிமிஷம் எரிஞ்சுட்டே இருந்துச்சு” என்றான்.

இதைத்தான் எழுதணும் என்றேன். எழுதிக்கொண்டு வந்தான், ஆனால் நடுவில் ‘தாய்மையின் உருவம்’, ‘அன்பின் வெளிச்சம்’ என்றெல்லாம் சேர்த்திருந்தான். நாம் எல்லோரும் செய்வது இது. கையில் ஒரு நல்ல விஷயம் இருக்கும், அது போதாது என்று அதன்மேல் மாலையைப் போட்டு மூடிவிடுவோம். வாசல் லைட் எரிந்தது என்று சொன்னாலே அந்தப் பையனுக்கு அம்மா கண்முன் வந்துவிடுவார், அன்பின் வெளிச்சம் என்றால் வரமாட்டார். அதை எடுக்கச் சொன்னேன்.

அடுத்து ‘எதுவாக இருந்தாலும் சொல்லு’. இந்த வரியை நல்ல மனதோடுதான் எல்லோரும் எழுதுகிறோம், எனக்கும் நிறையப் பேர் எழுதினார்கள், அதில் ஒருவரிடமும் நான் எதுவும் கேட்கவில்லை. என்ன வேண்டும் என்று யோசிப்பது, அதை யாரிடம் கேட்கலாம் என்று முடிவு செய்வது, அவருக்குச் சிரமமாக இருக்குமோ என்று தயங்குவது என்று எல்லா வேலையும் துக்கத்தில் இருப்பவன் தலையில் விழுகிறது. அதற்குப் பதிலாக ஒரு நாளையும் ஒரு வேலையையும் சேர்த்துச் சொன்னால், அவன் ‘சரி’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொன்னால் போதும், ஒன்றுமே சொல்லாவிட்டாலும் போதும். அக்கா மகனிடம், அவனுக்கு இப்போது உன்னால் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். ரெக்கார்ட் நோட்டு எழுதிக் கொடுக்கலாம், அடுத்த வாரம் சப்மிஷன் என்றான். முடிந்ததைத்தான் சொல்ல வேண்டும் என்பதும் முக்கியம். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு என்று எழுதிவிட்டு ராத்திரி ஒரு மணிக்குப் போனை எடுக்காதவரை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் அவன் அனுப்பியது இப்படி இருந்தது:

“டேய், அம்மா விஷயம் இப்பதான் தெரிஞ்சுது. என்ன சொல்றதுன்னு தெரியல. ராத்திரி உங்க வீட்டுல இருந்து நான் கிளம்பினா, முனை திரும்புற வரைக்கும் வாசல் லைட்டை அணைக்க மாட்டாங்க. நான் இதை உன்கிட்ட சொன்னதே இல்ல. உன் ரெக்கார்ட் நோட்டை நான் எழுதிடுறேன், வெள்ளிக்கிழமை சப்மிட் பண்ணிடுவேன், அதை நினைக்காத. இதுக்குப் பதில் போடணும்னு இல்ல.”

இதில் இலக்கியம் ஒன்றும் இல்லை. ஆனால் வேறு எந்த நண்பனுக்கும் இதை ஃபார்வர்ட் செய்ய முடியாது. ‘என்ன சொல்றதுன்னு தெரியல’ என்பதை நான் எடுக்கச் சொல்லவில்லை, ஏனென்றால் அது உண்மை. கடைசி வரி சின்னதாகத் தெரியும், ஆனால் பதில் எழுதும் சுமை எவ்வளவு என்று அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அதேபோல ‘எப்படி ஆச்சு?’ என்று ஒரு போதும் கேட்காதீர்கள். அதே கதையை அன்றைக்கு ஐம்பதாவது தடவையாக அவர் சொல்லிக்கொண்டிருப்பார்.

இறந்தவரை நமக்குத் தெரியவே தெரியாது என்றால்? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், கூட வேலை பார்ப்பவரின் தாத்தாவை நாம் எங்கே பார்த்திருக்கப் போகிறோம். ஆனால் அவரைப் பற்றி நண்பர் நம்மிடம் பேசியிருப்பார். “உங்க தாத்தாவை நான் பார்த்ததில்லை. ஆனா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவர்கிட்ட செஸ்ல தோத்துட்டு வந்து திங்கக்கிழமை எங்ககிட்ட புலம்புவீங்க” என்று எழுதலாம். அதுவும் இல்லையென்றால் இட்டுக்கட்டாதீர்கள். கேள்விப்பட்டேன், உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று இரண்டே வரியில் நிறுத்துவது மரியாதை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தனிப்பட்ட விவரம் என்பதற்காக எதையும் எழுதிவிட முடியாது. அப்பாவோடு பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவனிடம் போய் அப்பாவின் பாசத்தைப் பற்றி எழுதினால் அவன் என்ன செய்வான்? அங்கே இறந்தவரை விட்டுவிட்டு அவனைப் பற்றி எழுதவேண்டும், “இது உனக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல, எப்படி இருந்தாலும் சரி, நான் இருக்கேன்” என்கிற அளவில். ஆஸ்பத்திரிக் காட்சிகள், கடைசி நாட்களில் அவர் எவ்வளவு மெலிந்திருந்தார் என்பது, அவர் ரகசியமாக உங்களிடம் சொன்னது, இதெல்லாமும் வேண்டாம். பொதுக் குரூப்பில் என்றால் இன்னும் யோசிக்கவேண்டும். நல்ல விவரம் என்று தோன்றினால் தனியாக அனுப்புங்கள்.

மன்னிப்புக் கேட்பதற்கு வருகிறேன். அதிலும் இதே கோளாறுதான், ஆனால் இன்னும் கோபத்தைக் கிளப்பும், ஏனென்றால் இரங்கல் சொல்பவர் நமக்கு எதுவும் செய்துவிடவில்லை, மன்னிப்புக் கேட்பவர் செய்திருக்கிறார்.

அண்ணன் குரல் இருந்த பழைய ஆடியோ கேசட் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. சின்ன வயதில் அவனும் நானும் கிரிக்கெட் வர்ணனை மாதிரிப் பேசிப் பதிவு செய்தது. அவன் போன பிறகு அதை டிஜிட்டலாக மாற்றித்தரச் சொல்லி ஒரு இடத்தில் கொடுத்தேன். சில நாள் கழித்து ஒரு செய்தி வந்தது: “தங்கள் ஒலிநாடாவில் தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டுள்ளது. ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்.” கோளாறு ஏற்பட்டுள்ளதாம், சிரமம் ஏற்பட்டதாம். எல்லாம் தானாகவே ஏற்பட்டிருக்கிறது, மனிதர் யாரும் அந்த வாக்கியத்தில் இல்லை. டேப் இருக்கிறதா இல்லையா என்பதுகூட அதிலிருந்து தெரியவில்லை. போன் செய்தால் அதே வரியை வாயால் சொன்னார்கள். நான் கத்தினேன்.

அன்று சாயங்காலம் அங்கே வேலை பார்ப்பவர் தன் சொந்த நம்பரிலிருந்து எழுதினார். நீளமான செய்தி, சாரத்தைச் சொல்கிறேன். உங்கள் டேப்பை மெஷினில் போட்டது நான்தான் என்று ஆரம்பித்தார். பல வருடம் ஓடாமல் கிடந்த கேசட்டை நேராக ஓட்டக் கூடாது, முதலில் முழுவதையும் ஒரு தடவை முன்னும் பின்னும் சுற்றி இளக்கவேண்டும், உள்ளே சக்கரம் இறுகியிருந்தால் டேப்பை வேறு கூட்டுக்கு மாற்றவேண்டும், இரண்டையும் நான் செய்யவில்லை. டேப்பை இழுத்துச் சுற்றும் சக்கரம் நின்றுவிட்டது, டேப் வெளியே வந்து ரப்பர் உருளையில் சுற்றிக்கொண்டது. சத்தம் மாறியது எனக்குக் கேட்டது, வேறு வேலையில் இருந்தேன், உடனே போய் நிறுத்தவில்லை. ஏறக்குறைய இரண்டு அடி நீளத்துக்கு மடங்கி நசுங்கியிருக்கிறது, கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும் என்பதால் இது பன்னிரண்டு, பதின்மூன்று நொடிப் பேச்சு. மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, அதைப் புதுக் கூட்டுக்கு மாற்றிவிட்டேன். நசுங்கியதை நீவி ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் அந்த இடத்தில் குரல் ஏறி இறங்கும், சில வார்த்தைகள் வராமலும் போகலாம், இதற்குமேல் என்னால் உறுதி சொல்ல முடியாது. நீங்கள் சரி என்று சொல்லும்வரை அந்தப் பகுதியைத் தொடமாட்டேன். கடைசியாக, “அதில் பேசுவது இப்போது இல்லாதவர் என்று கொடுக்கும்போது சொன்னீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது” என்று எழுதியிருந்தார்.

என் கோபம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் யார்மேல் கோபப்படவேண்டும், எதற்காக, எவ்வளவு என்பது தெளிவாகிவிட்டது. அதற்குப் பிறகு அவரிடம் சாதாரணமாகப் பேச முடிந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை அந்தச் செய்தியில் எங்கே இருந்தது என்று தேடித்தான் பார்க்கவேண்டியிருந்தது.

இதை ஆராய்ச்சி செய்தவர்களும் இருக்கிறார்கள். ராய் லெவிக்கி என்ற பேராசிரியரும் அவருடன் இருந்தவர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மன்னிப்புக் கேட்பதை ஆறு கூறுகளாகப் பிரித்து எது எடுபடுகிறது என்று பார்த்தார்கள். வருத்தம் தெரிவிப்பது, என்ன நடந்தது என்று விளக்குவது, என் பொறுப்புதான் என்று ஒத்துக்கொள்வது, இனி இப்படி நடக்காது என்பது, சரிசெய்து தருகிறேன் என்பது, மன்னித்துவிடுங்கள் என்று கேட்பது. இதில் அதிகம் எடுபட்டது பொறுப்பை ஒத்துக்கொள்வது, அடுத்தது சரிசெய்ய முன்வருவது. கடைசியில் இருந்தது, மன்னித்துவிடுங்கள் என்று கேட்பது. கேசட்காரர் இந்த ஆய்வைப் படித்திருக்கமாட்டார், ஆனால் அவர் எழுதியதில் கனமாக இருந்தவை பொறுப்பை ஒத்துக்கொண்டதும் சரிசெய்ய முன்வந்ததும்தான். நாம் வழக்கமாக அனுப்பும் “சாரி, மன்னிச்சுடு ப்ளீஸ்” என்பதில் இருப்பது முதலாவதும் கடைசியும். அதாவது என் வருத்தம், எனக்கு வேண்டிய மன்னிப்பு. இரண்டுமே என்னைப் பற்றியவை.

நிறுவனங்கள் ஏன் அப்படி எழுதுகின்றன என்பது எனக்குத் தெரியும், சில வருடம் ஒரு நிறுவனத்தில் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் இருந்திருக்கிறேன். எங்களிடம் அச்சுப்பதிவு மாதிரி ஆயத்த வரிகள் இருக்கும், ‘எங்கள் தவறு’ என்று எழுதினால் மேலே இருப்பவர்கள் அந்த வரியை அடித்துவிடுவார்கள். நாளைக்குக் கேஸ் போட்டால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும் என்ற பயம். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு செனட்டரின் மகள் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்தாள், கார் ஓட்டியவர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை, சொன்னால் வழக்கில் தனக்கு எதிராகத் திரும்பும் என்பதால். அந்த மாநிலத்தில் 1986இல் ஒரு சட்டம் வந்தது, விபத்துக்குப் பிறகு அனுதாபம் தெரிவிப்பதைப் பொறுப்பை ஒத்துக்கொண்டதற்கான சாட்சியாகக் காட்ட முடியாது என்று. கவனியுங்கள், பாதுகாப்பு அனுதாபத்துக்குத்தான், என் தப்பு என்று சொல்வதற்கு அல்ல. நிறுவனங்களின் ‘வருந்துகிறோம்’ எல்லாம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்வதற்காக எழுதப்பட்டது. வழக்கு வரக்கூடிய பெரிய விஷயம் என்றால் வக்கீலைக் கேட்டுவிட்டு எழுதுவதுதான் சரி. ஆனால் மனைவியிடமும் நண்பனிடமும் மன்னிப்புக் கேட்கும்போதும் நாம் அந்த வக்கீல் பாஷையிலேயே பேசுகிறோமே, அதுதான் எனக்கு வேடிக்கை. “நான் சொன்னது உன்னைக் காயப்படுத்தியிருந்தால் சாரி.” இருந்தால் என்ன இருந்தால்? அவள் மூன்று நாளாகப் பேசவில்லை, இன்னும் சந்தேகமா?

அந்த ஒரு வரியை மாற்றிப் பார்ப்போம். எல்லோர் முன்னாலும் மனைவியின் வேலையைக் கிண்டல் செய்துவிட்ட ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “உன் வேலையை எல்லார் முன்னாடியும் டைம்பாஸ்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, நீயும் சிரிக்கிற மாதிரி இருந்துட்டு உள்ளே போயிட்டே. அதைப் பார்த்தும் நான் நிறுத்தல. சொன்னது தப்பு. அன்னைக்கு இருந்தவங்ககிட்ட நானே பேசுறேன், உனக்கு வேண்டாம்னா பேசல.” நடந்தது இன்னது, அவள் பக்கம் அது எப்படி இருந்தது, என் பங்கு எது, இனி என்ன செய்யப்போகிறேன். ‘ஆனால்’ என்று ஒரு வாக்கியம் வர ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அன்றைக்கு எனக்கு டென்ஷன், தலைவலி, நீயும்தான் போன வாரம் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம், அவள் கேட்டால் பிறகு சொல்லிக்கொள்ளலாம். ‘நான் ஒரு மோசமானவன், எனக்கு உன்னோடு வாழவே தகுதியில்லை’ என்று எதிர்ப்பக்கம் உருள்வதும் வேண்டாம், அப்புறம் அவள் உங்களைத் தேற்றவேண்டியிருக்கும். சின்னத் தப்புக்குப் பெரிய மன்னிப்பும் அசிங்கம்தான். பத்து நிமிடம் தாமதமாக வந்தால், “பத்து நிமிஷம் நிக்க வெச்சுட்டேன், சாரி” என்பதோடு விஷயம் முடிந்தது.

இரங்கலும் மன்னிப்பும் ஒன்றாகச் சேரும் இடம் ஒன்று உண்டு, நிறையப் பேர் தடுமாறுவதும் அங்கேதான். நெருங்கிய ஒருவர் வீட்டில் துக்கம், நல்லதாக ஏதாவது எழுதலாம் என்று தள்ளிப்போட்டு மூன்று மாதம் ஓடிவிட்டது. இனிமேல் எழுதினால் அசிங்கமாக இருக்குமே என்று எழுதாமலே விட்டுவிடுகிறோம், பிறகு அவரைப் பார்த்தால் ஒதுங்கவும் ஆரம்பிக்கிறோம். தாராளமாக எழுதுங்கள். முதல் வாரத்தில் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும், மூன்றாவது மாதத்தில் யாரும் எழுதமாட்டார்கள், ஆள் அப்போதுதான் தனியாக இருப்பார். தாமதத்துக்கு ஒரே வரி போதும், காரணம் வேண்டாம், நேராக இறந்தவரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடலாம். எனக்கு அப்படி ஒன்று வந்தது, அண்ணன் இறந்து பல மாதங்களுக்குப் பிறகு: “அப்பவே எழுதியிருக்கணும், எழுதல, தப்புதான். நேத்து பழைய போட்டோ ஒண்ணு கிடைச்சுது, உங்க அண்ணன் என் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டிட்டு இருக்கார், சட்டையெல்லாம் கிரீஸ். அனுப்பட்டுமா?” அனுப்புங்கள் என்று உடனே பதில் போட்டேன்.